சுப்பவைசர் ஊடாக ஒரு விண்ணப்பம்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை துணி மடிப்பது. சட்டை, சேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கூண்டு வண்டிகளில் வந்து குவியும் படுக்கை விரிப்புகள். கிழக்கு லண்டனில் ஒரு சலவைத் தொழிற்சாலை. வீட்டு வாசலை விட அகலமான உருளைகள் கொதித்துக்கொண்டு சுற்றும். ஒரு பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை இழுத்துக் கொடுக்க, மறுபக்கம் அது உலர்ந்து தட்டையாக வரும். அங்கே இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். எண்பதுகளின் கடைசி வருடங்களில், ஒரு முனை என்னுடையதாக இருந்தது.

அதற்கு முன் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் ஏழு வருடம் கிளாக்கராக இருந்தவன். பாட்டுக் கச்சேரி இல்லை. மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் கந்தோர், அதாவது அலுவலகம். அங்கே என் மேசைக்கு வந்தவை கடன் விண்ணப்பங்கள். பண்டிகை முற்பணம், இடர் கடன், சைக்கிள் கடன், எல்லாம் என் கையால்தான் மேலே போகும். ஒரு விண்ணப்பம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. எழுதியவர் தன் கிளைத் தலைவர் ஊடாக அனுப்பாமல் நேரே அனுப்பியிருந்தால் படிக்காமலே திருப்பி விடுவேன். “முறையான வழியில் அனுப்பவும்” என்று சிவப்பு மையில் ஒரு வரி. அதை எழுதும்போது ஒரு சின்னச் சந்தோஷம்கூட வரும். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் குடியிருந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. பேசியது என் தம்பியின் சிநேகிதன். தம்பி அப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, வெளிநாடு வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, பயப்பிடாதேங்கோ. அவனுக்கு வெள்ளிக்கிழமை வயித்துக் குத்து. அப்பெண்டிக்ஸ் வெடிக்கிற நிலையிலை இருந்ததாம். கிட்ட இருந்த பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினம். ஒப்பரேசன் முடிஞ்சுது. ஆள் சுகமா இருக்கிறான்.”

“காசு?”

“மூவாயிரம் நாங்கள் பெடியள் சேர்ந்து கட்டிட்டம். இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கு. புதன்கிழமை வீட்டை போகலாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஆனால் பில்லைக் கட்டாமல் துண்டு வெட்டமாட்டினமாம். கூட நிண்டால் கட்டில் காசு வேறை ஏறும்.”

துண்டு வெட்டுவது என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து விடுவது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி எனக்கு ஐந்து நிமிடம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு கணக்கு தொடங்கிவிட்டது. மிச்சப் பணம் கிட்டத்தட்ட நூறு பவுண். என் ஒரு வாரச் சம்பளம் நூற்றிருபது. வியாழக்கிழமை அது கையில் வரும். அன்றைக்கே வாடகைக்கும் சீட்டுக்கும் போய்விடும். சீட்டையோ நான் எப்போதோ கழித்து எடுத்து, தம்பியை ஊரிலிருந்து கொழும்புக்கு வரவழைத்த செலவுக்குக் கொடுத்தாயிற்று. இனி கட்டுவது மட்டும்தான் பாக்கி. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஊரில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

என்னோடு அதே வீட்டில் இருந்த ஒரு அண்ணை பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். அவர்தான் வழி சொன்னார்.

“உமக்குச் சம்பளம் தாறவனைக் கேட்டால் என்ன? முன்காசு தந்துபோட்டு கிழமைக்குக் கிழமை கழிப்பாங்கள். நீர் கச்சேரியிலை கடன் பாத்த ஆள்தானே, ஒரு கடிதம் எழுதத் தெரியாதே?”

கடிதம் எழுதத் தெரியாதா என்று என்னைப் பார்த்துக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? ஞாயிறு பின்னேரமே குசினி மேசையில் உட்கார்ந்தேன். கோடு போட்ட தாள், நல்ல பேனை, நடுவில் கார்பன். மேலே மனேஜர் அவர்களுக்கு என்று எழுதி, அதற்குக் கீழே “சுப்பவைசர் ஊடாக” என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பிறகு என் ஆங்கிலம் கரை புரண்டது. கீழே கையொப்பமிடும் நான் தங்கள் மேலான கவனத்துக்கு மிகுந்த தாழ்மையுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால், என்று தொடங்கி, பதினெட்டு மாத கால அப்பழுக்கற்ற சேவை, கச்சேரி அனுபவம், நான் சித்தியடைந்த பரீட்சைகள், தம்பியின் குடல்வால், டொக்டர் சொன்னது, கட்டில் காசு எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. தொகையை நாமே சொல்வது மரியாதை இல்லை. “தாங்கள் தகுதியெனக் கருதும் ஒரு தொகையை” என்பதுதான் முறை. அண்ணை வாசித்துவிட்டு, “இதுக்குக் காசு தராதவன் மனுசனே இல்லை” என்றார்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்குமுன் அதை நீளக் கவரில் வைத்து, இடையில் நின்று மேலே அனுப்புகிறவர் படிக்க வேண்டுமென்பதால் ஒட்டாமல், சுப்பவைசரிடம் கொடுத்தேன். அவர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும், உருளைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். என்னை விட ஒரு சாண் உயரம். நான் கவரை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதன் மேல் எழுதியிருந்த மனேஜர் என்ற சொல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. கவரை மேலங்கிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் போய் என் முனையைப் பிடித்தேன். விண்ணப்பம் கொடுத்தவன் வாயால் விளக்கம் சொல்லக் கூடாது. எல்லாம் தாளில் இருக்கிறது.

செவ்வாய் போனது. புதன் போனது. தம்பி வீட்டுக்குப் போக வேண்டிய நாள். நான் சுப்பவைசரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார். முன்பெல்லாம் என் பக்கத்தால் போகும்போது “வேகம், வேகம்” என்று அதட்டுகிறவர், அந்த வாரம் என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசினார். புதன்கிழமை தேநீர் நேரத்தில் தன் பிஸ்கட்டில் பாதியைக்கூட என் பக்கம் தள்ளினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது, சொல்ல மனமில்லாமல்தான் இரங்குகிறார் என்று நான் முடிவு கட்டினேன். அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிடாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் கழிவறைக்குள் போய்த் திறந்து எண்ணினேன். வழக்கமான காசு. ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அப்போதுதான் கச்சேரியில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். வீதித் திணைக்களத் தொழிலாளி ஒருவர், மகளுக்குச் சுகமில்லை என்று இடர் கடன் கேட்டவர், மூன்று நாள் தொடர்ந்து வந்து நின்றார். “மேலை போயிருக்கு, வரும், அந்தரப்படாதேயும்” என்று நான் தலை நிமிராமல் சொன்னேன். உண்மையில் அது என் தட்டில்தான் கிடந்தது. அந்த மகளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. கழிவறைக் கதவை யாரோ தட்டும்வரை உள்ளேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போன் எடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

“அண்ணா, எனக்கு இப்ப ஒண்டும் இல்லை. நல்லா நடக்கிறன். நேர்ஸ்மார் எல்லாம் ‘நீர் இன்னும் போகேல்லையோ’ எண்டு கேக்கினம். அடையாள அட்டையையும் வாங்கி வைச்சிருக்கினம். அது இல்லாமல் நான் றோட்டிலை இறங்கேலாது.”

“ரெண்டு நாளிலை அனுப்பிறன்.”

“உங்களுக்குக் கஷ்டமெண்டால் வேண்டாம், அண்ணா. நான் எப்பிடியும்…”

“பேசாமல் இரு” என்று கத்திவிட்டேன். கோபம் அவனில் இல்லை. எப்படியும் என்று அவன் என்ன செய்வான்? அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெடியன் கொழும்புத் தெருவில் முதல் சந்தியின் சோதனையைக்கூடத் தாண்டமாட்டான். சனியும் ஞாயிறும் தொழிற்சாலை பூட்டு. இரண்டு நாள் கட்டில் காசு மேலும் ஏறியது. அண்ணை, “போய்க் கேளுமன்” என்றார். கேட்டால் அவர்களுக்கு எரிச்சல் வந்து என் விண்ணப்பக் கோவையை அடியில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்கு நான் விளக்கம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை என்னால் பொறுக்க ஏலவில்லை. உருளை சூடாகும் முன்பே சுப்பவைசரிடம் போனேன். என் கடிதம் மனேஜரிடம் போய்விட்டதா என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து லொக்கர்கள் பக்கம் இழுத்துப் போனார். தன் லொக்கரைத் திறந்தார். சப்பாத்துகளுக்கு மேலே என் நீளக் கவர் கிடந்தது, போன திங்கள் மடித்த அதே மடிப்போடு. அவர் பேசியது ஜமெய்க்கா ஆங்கிலம். எனக்கு நினைவில் நிற்பது என் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன்.

“நான் குடுக்கேல்லை. ஒரு கிழமை வைச்சிருந்தால் உன்ர மனம் மாறும் எண்டு நினைச்சன். உனக்கு எங்கை கூடச் சம்பளம் தாறாங்கள், சொல்லு? நீ போனால் அந்த முனையை ஆர் பிடிக்கிறது?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தத் தொழிற்சாலையில் ஒருவன் மனேஜருக்குக் கடிதம் கொடுக்கிறான் என்றால் அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: வேலையை விட்டுப் போகிறான். வேறு எதற்கும் யாரும் அங்கே கடிதம் எழுதியதில்லை. மனேஜருக்கு வந்த கடிதத்தைத் தான் படிப்பது சரியில்லை என்று அவர் திறக்கவும் இல்லை. என் ‘ஊடாக’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிய நியாயமும் இல்லை.

“நான் போகேல்லை. வாசியுங்கோ” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். முதல் பக்கத்தில் இரண்டு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் நிமிரவில்லை. வாசித்து முடித்ததும் என் தோளில் அடித்தார். உண்மையாகவே வலித்தது.

“எட்டு நாள்! அந்தப் பிள்ளை அங்கை கட்டிலிலை கிடக்கு, நீ இங்கை வாயை மூடிக்கொண்டு துணி மடிக்கிறாய்! உனக்கு வாய் இல்லையா? ‘சப்’ வேணும் எண்டு யன்னலிலை கேட்டால் முடிஞ்சுது!”

சப் என்றால் சம்பள முன்பணம். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வாரத்தின் நடுவில் கையைக் கடித்தால் எல்லோரும் சம்பளக் கந்தோர் யன்னலில் போய், ஒரு இருபது சப் தா என்று கேட்பார்களாம். ஒரு சின்னத் துண்டில் கையெழுத்து, வியாழக்கிழமை கழித்துவிடுவார்கள். பதினெட்டு மாதமாக என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. நான் அவர்கள் யன்னலில் நின்று அரட்டை அடிப்பதாக நினைத்திருந்தேன்.

சுப்பவைசர் உருளைகளை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு என்னை நேரே அந்த யன்னலுக்கு நடத்திக்கொண்டு போனார். அவரே ஊடாக வந்ததால் விண்ணப்பம் கடைசியில் முறையான வழியில்தான் போனது. சம்பளம் பார்க்கும் வெள்ளைக்காரப் பெண்மணி கடிதத்தை வாங்கி வாசித்தார். “இது இருபதுக்குரிய விஷயம் இல்லைப் போலிருக்கிறதே. பெரிய தொகை என்றால் மனேஜர் கையெழுத்து வேண்டும்” என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அப்பால் மனேஜர் அதை வாசிப்பது தெரிந்தது. மெலிந்த மனிதர், கழுத்துப் பட்டி சற்றுக் கோணலாக இருக்கும். முதல் பக்கத்தை இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு கடிதத்தோடு யன்னலுக்கு வந்தார்.

“அருமையான கடிதம். ஆனால் எவ்வளவு வேண்டும் என்று இதில் இல்லையே?”

தாங்கள் தகுதியெனக் கருதும் தொகை என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்குச் சட்டென்று ஒரு கூச்சம். ஏழு வருடம் மற்றவர்களுக்கு எத்தனை ஆயிரம் என்று எழுதிய கை. எனக்கென்று ஒரு எண்ணை வாயால் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

“அறுபது” என்றேன்.

மனேஜர் பேனையை எடுத்தார். பக்கத்தில் நின்ற சுப்பவைசர் யன்னல் பலகையில் கையை வைத்தார்.

“அறுபதுக்கு அந்தப் பிள்ளையை விடுவாங்களா? உண்மையைச் சொல்லு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் உருளைகள் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்: ஆறாயிரத்துச் சொச்சம், அதற்கு மேல் ஐந்து நாள் கட்டில் காசு.

“விடமாட்டார்கள். நூற்றி முப்பது வேண்டும்” என்றேன். சொன்ன பிறகு, “தயவுசெய்து” என்று சேர்த்தேன். அதுதான் அந்த ஒரு வாரத்தில் நான் சொன்ன ஒரே உருப்படியான வசனம்.

மனேஜர் இமைக்கவும் இல்லை. “வாரம் பத்து, பதின்மூன்று வாரம். சமாளிப்பாயா?” என்று கேட்டார். தலையாட்டினேன். கடிதத்தின் அடியிலேயே தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நீ சேர்ந்தபோது முதல் வாரச் சம்பளத்தை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம், நினைவிருக்கிறதா? அநேகமாக உன் காசைத்தான் உனக்குத் தருகிறோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண்மணி காசுப் பெட்டியைத் திறந்து எண்ணி, பழுப்புக் கவரில் போட்டுத் தந்தார். முழுவதும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு நாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு உருளைப் பக்கம் போகத் திரும்பினேன்.

“எங்கை போறாய்?” என்றார் சுப்பவைசர். “காசைக் கையிலை வைச்சுக்கொண்டு துணி மடிக்கப் போறியோ? போய் அனுப்பிப்போட்டு வா. உன்ர முனையை நான் பிடிக்கிறன்.”

ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அங்கே பவுணைக் கொடுத்தால் கடைக்காரர் கொழும்பில் தன் ஆளுக்குப் போன் போடுவார். அந்த ஆள் அங்கே ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுப்பார். உண்டியல் என்று சொல்வோம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆஸ்பத்திரியின் பெயரையும் கட்டில் நம்பரையும் சொன்னேன். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அங்கை இப்ப பின்னேரம். பொழுதுபடமுன்னம் போயிடும். யோசியாதேங்கோ” என்றார். அவர் போனில் பேசி முடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு பஸ் பிடித்து வேலைக்குத் திரும்பினேன். மேல்தட்டில் முன் சீட்டில் உட்கார்ந்து, யாரும் இல்லாத தைரியத்தில் வாய் விட்டுச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. லொட்ஜுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்தான்.

“துண்டு வெட்டிட்டினம், அண்ணா. இப்பத்தான் வெளியிலை வந்தன். அடையாள அட்டையும் தந்திட்டினம்.”

“சாப்பிட்டியே?”

“ஓம். இடியப்பமும் சொதியும். காசு என்னெண்டு வந்தது? ஆரிட்டைக் கடன் பட்டனீங்கள்?”

“ஒருத்தரிட்டையும் இல்லை. கேட்டன், தந்திட்டினம்” என்றேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவனுக்கு விளங்கியிருக்காது. அண்ணை படியால் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீருக்குக் கேத்தலை வைத்தார்.

தொழிற்சாலைக்குப் போனேன். சுப்பவைசர் விரிப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை வீட்டை போயிட்டானா?” என்று கேட்டார். போய்விட்டான் என்று சொல்ல வாய் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தன் முனையைப் பிடித்தபடி நின்றார். எங்களுக்குப் பின்னால் விரிப்புகள் உருளையிலிருந்து வந்து வந்து தரையில் குவிந்தன. ஒருவரும் சத்தம் போடவில்லை.

அன்று தேநீர் நேரத்துக்குள் தொழிற்சாலை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஈரத்துணி வண்டி தள்ளுகிற ஐரிஷ்காரக் கிழவர், பொதி கட்டுகிற இரண்டு பஞ்சாபிப் பெண்கள், பதினெட்டு மாதத்தில் எனக்கு ஒரு தலையசைப்பைத் தவிர வேறொன்றும் தராத லொறி டிரைவர், ஒவ்வொருவராக வந்து, “உன் தம்பி எப்படி?” என்று கேட்டார்கள். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதே அதுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டான், இடியப்பம் சாப்பிட்டான் என்று அவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். இடியப்பம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு அதையும் கையால் காட்டிச் சொன்னேன். பின்னேரம் மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே இல்லை.